அரிசியாக வைப்பதா, நெல்லாக வைப்பதா? ஒரு தேதி சொல்லிக் கொடுத்த பாடம்

உங்கள் கம்ப்யூட்டர் திரையின் கீழ் மூலையில் தேதி தெரிகிறதல்லவா? அதில் நாள் முதலில் வருகிறதா, மாதம் முதலில் வருகிறதா என்று பாருங்கள். இந்தச் சின்ன செட்டிங் 2023-ல் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

அப்போது பல கிளைகள் கொண்ட ஒரு துணிக்கடை நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனித்து வந்தேன். ஒவ்வொரு கிளையும் அன்றைய பில்களை இரவில் ஒரு ஃபைலாக அனுப்பும். எங்கள் புரோகிராம் அதை எடுத்து, தேதியையும் தொகையையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி, சரியான வரிகளை மட்டும் டேட்டாபேஸில் ஏற்றும். எடு, மாற்று, ஏற்று என்னும் இந்த வரிசைக்கு எக்ஸ்ட்ராக்ட், ட்ரான்ஸ்ஃபார்ம், லோட் என்று பெயர். சுருக்கமாக இடிஎல்.

ஏப்ரல் 14-ம் தேதி ஒரு கிளைக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தது. மற்றவற்றில் மாதம் முதலில் வரும். இதில் நாள் முதலில் வந்தது. 25/04/2023 என்பதை எங்கள் புரோகிராம் 25-வது மாதம் என்று படித்தது. அப்படி ஒரு மாதம் இல்லையே! எனவே அந்த வரியைத் தள்ளிவிட்டது. ஏப்ரல் 14 முதல் 30 வரை 17 நாள் விற்பனை இப்படியே போயிற்று.

மாத அறிக்கையில் அந்தக் கிளையின் விற்பனை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அங்கே இரண்டு பேரை நிறுத்திவிடலாமா என்று பேச்சு வந்தது. சந்தேகப்பட்டு மே மாதப் பில்களைத் திறந்து பார்த்தேன். அதில் டிசம்பர் 5-ம் தேதி போட்ட பில்கள்! 12/05/2023 என்பது மே 12. அதை டிசம்பர் 5 என்று ஏற்றியிருந்தது. நாள் எண் 12-ஐத் தாண்டாத தேதிகள் தள்ளப்படாமல், தவறான மாதத்தில் போய் உட்கார்ந்திருந்தன.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் தள்ளப்பட்ட 17 நாள் பில்கள் எங்கே? இரவு வரும் புதிய ஃபைல், முந்தைய ஃபைலின் மேலேயே எழுதப்பட்டுவிடும். மாதக் கணக்கை முடித்ததும் பில்லிங் சாஃப்ட்வேரும் தனித்தனி பில்களை நீக்கிவிடும். கடைசியில் காகித நகல்களை வைத்துக்கொண்டு ஒரு வாரம் டைப் செய்தோம். அந்த இருவரின் வேலை தப்பியது.

நெல்லை அரைத்து அரிசியாக்கிவிட்டால் மீண்டும் நெல்லாக்க முடியாது. பத்தாயத்தில் இடம் இருந்தால் நெல்லாகவே கொட்டி வைத்து, வேண்டும்போது அரைத்துக்கொள்ளலாம். அடுத்து நாங்கள் செய்தது அதுதான். எடு, ஏற்று, பிறகு மாற்று. இதுதான் இஎல்டி.

முன்பு ஏன் இப்படிச் செய்யவில்லை? டிஸ்க்கும் கணக்கிடும் திறனும் விலை உயர்ந்த ஒரே மெஷினுக்குள் இருந்தன. வேண்டாததை ஏற்றினால் இடம் வீண். அங்கேயே சுத்தமும் செய்தால் அறிக்கைகள் மெதுவாகும். கூகுளின் பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக் போன்ற க்ளவுட் வேர்ஹவுஸ்களில் இரண்டும் தனித்தனி. பிக்குவெரியில் ஒரு ஜிபி வைக்க மாதம் சுமார் 2 அமெரிக்க சென்ட்தான். கணக்கிடும் திறனைத் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் எல்லாவற்றையும் முதலில் ஏற்றுவது கட்டுபடியாகிறது.

இப்போது தேதியைத் தேதியாக மாற்றாமல், வந்த எழுத்துகளாகவே `raw_bills` என்ற டேபிளில் வைக்கிறோம். எந்த ஃபைல், எப்போது ஏற்றியது என்பதும் கூடவே இருக்கும். பின்னர் இன்னொரு கிளையிலும் இதே குழப்பம் வந்தது. இந்த முறை பிக்குவெரியில் இந்த சில வரிகளே போதுமானதாக இருந்தன:

```
SELECT bill_no, amount,
  SAFE.PARSE_DATE('%d/%m/%Y', bill_date) AS bill_day
FROM shop.raw_bills
WHERE branch = 7
```

`%d` நாள், `%m` மாதம். வரிசையை மாற்றி மீண்டும் ஓட்டினோம். எல்லாப் பில்களும் சரியான நாளுக்கு வந்துவிட்டன. `SAFE` இருப்பதால், படிக்க முடியாத தேதி வந்தால் வேலை நிற்காது. அந்த இடத்தில் `NULL` வரும். அசல் எழுத்து அப்படியே இருக்கும்.

இதிலும் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. வாடிக்கையாளர்களின் போன் நம்பர் போன்றவற்றை ஏற்றுவதற்கு முன்பே மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த டேபிளைத் திறக்கும் எல்லோர் கண்ணிலும் படும். அடுத்தது செலவு. பிக்குவெரியின் வழக்கமான கட்டணம், ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு டேட்டா படிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு அறிக்கைக்கும் அசல் டேபிள் முழுவதையும் படித்தால் பில் ஏறும். எனவே இரவில் ஒரு முறை சுத்தமான டேபிளைத் தயாரித்து, பகலில் அதையே பயன்படுத்துகிறோம்.

அசலை வைத்திருந்தால் தவறைத் திருத்தலாம், ஆனால் தவறு தானாக வந்து சொல்லாது. அதனால் தினமும் காலையில் இரண்டைப் பார்க்கிறேன். `NULL` தேதிகள் எத்தனை? இன்னும் வராத நாளின் பில் ஏதாவது இருக்கிறதா?