இரண்டு மணி நேரப் படம், 83-ஆவது நிமிடத்தில் நிற்கிறது

பெரிய ஹார்ட் டிஸ்க்கில் படங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான ஒரு காட்சி உண்டு. ஃபைலின் சிறுபடம் சரியாகத் தெரிகிறது. நீளம் 2:00:00 என்று காட்டுகிறது. அழுத்தியதும் ஓடவும் செய்கிறது. 83-ஆவது நிமிடத்தில் திரை அப்படியே உறைந்து, பிளேயர் ஒன்றுமே நடக்காததுபோல மூடிக்கொள்கிறது. மீதி 37 நிமிடம் டிஸ்க்கில் இல்லவே இல்லை. எப்போதோ காப்பி செய்துகொண்டிருக்கும்போது கேபிள் பிடுங்கப்பட்டிருக்கும், அல்லது டவுன்லோடு பாதியில் நின்றிருக்கும். முதல் இரண்டு நிமிடத்தைப் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று வைத்துவிட்டதால் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

நீளம் 2:00:00 என்று எப்படிக் காட்டியது? பிளேயர் படத்தை அளந்து பார்த்துச் சொல்லவில்லை. ஃபைலுக்குள் எழுதியிருப்பதைப் படித்து ஒப்பித்தது, அவ்வளவுதான். எம்பி4 ஃபைலில் முக்கியமாக இரண்டு பெட்டிகள் உண்டு. `mdat` என்பதில் படமும் ஒலியும் இருக்கும். `moov` என்பதில் எந்த ஃப்ரேம் எந்த இடத்தில் தொடங்குகிறது, மொத்த நீளம் எவ்வளவு என்ற அட்டவணை இருக்கும். கேமரா பதிவு செய்யும்போது இந்த அட்டவணையைப் பெரும்பாலும் கடைசியில்தான் எழுதுகிறது. நடுவில் பேட்டரி தீர்ந்தால் அட்டவணையே இருக்காது. ஃபைல் திறக்கவே மறுக்கும், `moov atom not found` என்று செய்தி வரும். இது நேர்மையான கோளாறு, உடனே தெரிந்துவிடும். ஆனால் இணையத்தில் ஓடவிடுவதற்காகத் தயாரான ஃபைல்களில் அட்டவணையை முன்னால் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அப்படிப்பட்டதில் வால் அறுந்துபோனாலும் தலை பத்திரமாக இருக்கும். ஏமாற்றுவது இந்த வகைதான்.

ஆயிரம் படங்களை உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை பார்க்கும் வேலையை டிகோடரிடம் விடலாம். ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். ஃபைலைப் பிரித்து ஒவ்வொரு ஃப்ரேமையும் விரித்துப் பார்த்துவிட்டு, விளைவை எங்கும் சேமிக்காமல் எறிந்துவிடச் சொல்ல வேண்டும். நமக்கு வேண்டியது வழியில் அது போடும் முணுமுணுப்பு மட்டுமே.

```
ffmpeg -nostdin -v error -i padam.mp4 \
  -map 0:v -map "0:a?" -f null - 2> padam.log
```

`-f null` என்பதுதான் ‘எறிந்துவிடு’. `-v error` பிழைகளைத் தவிர மற்ற பேச்சை அடக்குகிறது. `-map` இரண்டும் இல்லாவிட்டால் ஒரே ஒரு வீடியோவையும் ஒரே ஒரு ஆடியோவையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது மொழியின் ஒலித்தடம் கெட்டிருந்தாலும் சோதனை தேறிவிடும். முடிந்ததும் `padam.log` காலியாக இருந்தால் டிகோடருக்குப் புகார் இல்லை என்று பொருள்.

நம் 83 நிமிடப் படத்தை இதில் ஓட்டினால் `partial file` என்ற சொற்களோடு ஒரு வரி வரும்: அட்டவணை சொன்ன இடத்துக்குப் போனேன், அங்கே ஃபைல் முடிந்துவிட்டது என்கிறது. எம்கேவி ஃபைலாக இருந்தால் அதே கோளாறு `File ended prematurely at pos.` என்று வரும். எம்கேவியில் ஒரு சிக்கல் உண்டு. அதன் உள்ளடக்கம் சிறுசிறு தொகுதிகளாக அடுக்கப்பட்டிருப்பதால், வெட்டு சரியாக ஒரு தொகுதி முடியும் இடத்தில் விழுந்தால் டிகோடருக்குக் குறை தெரியாமலே போகலாம். அதனால் தலைப்பில் எழுதியிருக்கும் நீளத்தையும், உண்மையில் கடைசியாகக் கிடைத்த ஃப்ரேமின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் எப்போதும் சேர்த்தே செய்வேன். ஓரிரு விநாடி வித்தியாசம் இயல்பு. 37 நிமிடம் இயல்பில்லை.

மூன்றாவது ஒரு வகை, அளவு சரியாக இருந்தும் உள்ளே ஒன்றும் இல்லாதது. சில டவுன்லோடு மென்பொருள்கள் முழு இடத்தையும் முதலிலேயே பிடித்துவைத்துப் பிறகு நிரப்புகின்றன. நிரப்புவது பாதியில் நின்றால் மிச்ச இடம் முழுக்கப் பூஜ்யமாகவே கிடக்கும். 4 ஜிபி என்றால் 4 ஜிபிதான் காட்டும். டிகோடர் அங்கே வந்ததும் `Invalid NAL unit size (0 > 20338)` என்பதுபோல வரிவரியாகக் கொட்டும். அடைப்புக்குள் இருக்கும் முதல் எண் 0 என்பதைக் கவனியுங்கள். அடுத்த துண்டின் நீளத்தைப் படிக்கப் போனவனுக்குப் பூஜ்யம் கிடைத்திருக்கிறது. இப்படி வரிகள் தொடர்ந்து வந்தால் பூஜ்யம் நிரம்பிய பகுதியோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இதுவரை சொன்னது இல்லாமல் போனதைப் பற்றி. இருப்பது கெட்டுப்போனால் வரும் வரி வேறு மாதிரி இருக்கும்:

```
[h264 @ 0x55d0c8a3e2c0] error while decoding MB 53 20, bytestream -5
```

எச்.264 முறையில் ஒவ்வொரு படமும் 16-க்கு 16 புள்ளி கொண்ட சதுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. 1920 புள்ளி அகலத்துக்கு 120 சதுரம். 1080 உயரத்தை 16 சரியாக வகுக்காது என்பதால் 1088 என்று வைத்து 68 வரிசை. கூடுதலான 8 வரிகளைக் காட்டும்போது வெட்டிவிடுவார்கள். எண்ணுவது பூஜ்யத்திலிருந்து. ஆகவே `MB 53 20` என்றால் இடமிருந்து 53 × 16 = 848-ஆவது புள்ளி, மேலிருந்து 20 × 16 = 320-ஆவது புள்ளி. திரையின் நடுவுக்குச் சற்று இடப்புறம், கொஞ்சம் மேலே. அந்த ஃப்ரேமைத் தேடிப் பிடித்தால் அதன் பக்கத்தில் கட்டம்கட்டமாகச் சிதறல் தெரியும். கடைசியில் உள்ள -5, அந்தத் துண்டில் இருக்க வேண்டிய தரவையும் தாண்டி டிகோடர் படித்துவிட்டது என்பதைச் சொல்கிறது.

ஆனால் கெட்ட பைட் இருக்கும் இடமும் புகார் வந்த இடமும் ஒன்றல்ல. எச்.264-இல் பெரும்பாலும் பயன்படும் சுருக்கமுறையில் ஒவ்வொரு எண்ணையும் படிப்பது அதற்கு முன் படித்ததைப் பொறுத்தது. ஒரு பிட் மாறினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் தப்பாகவே படிக்கப்படும். ஆனாலும் அந்தத் தப்பான எண்களும் அனுமதிக்கப்பட்ட எண்களாகவே இருக்கக்கூடும். ஏதாவது ஒரு மதிப்பு எல்லை மீறும்போதோ தரவு தீர்ந்துபோகும்போதோதான் டிகோடர் விழித்துக்கொள்கிறது. அதற்குள் பல சதுரங்கள் தாண்டியிருக்கும். சில நேரம் விழித்துக்கொள்ளாமலே துண்டு முடிந்துவிடும். எழுத்துப்பிழையை மட்டும் பார்க்கும் மெய்ப்புத்திருத்துநருக்கு ‘அவன்’ என்பது ‘அவள்’ ஆனது தெரியாதது போலத்தான் இது. இலக்கணம் உடையாத தவறு டிகோடரின் கண்ணில் படாது. ஒரு ஃபைலின் நகலில் எங்காவது ஒரே ஒரு பைட்டை மாற்றி ஓட்டிப் பாருங்கள். சில இடங்களில் மாற்றினால் ஒரு வரிகூட வராது.

தவறு அந்த ஒரு ஃப்ரேமோடு நிற்பதுமில்லை. அடுத்த ஃப்ரேம்கள் முந்தையதிலிருந்து மாறியதை மட்டுமே சொல்கின்றன என்பதால், அடுத்த முழு ஃப்ரேம் வரும்வரை சிதறல் நகர்ந்துகொண்டே இருக்கும். பரவலாகப் பயன்படும் எக்ஸ்264 மென்பொருளில் முன்னிருப்பாக அந்த இடைவெளி அதிகபட்சம் 250 ஃப்ரேம். விநாடிக்கு 25 என்றால் 10 விநாடி.

இனி எதிர்ப்பக்கம். வரி வந்துவிட்டதாலேயே ஃபைல் கெட்டது என்று முடிவு கட்டி அழித்துவிடக் கூடாது. புதிதாகச் சோதிப்பவர்களை அதிகம் பயமுறுத்தும் வரி `non monotonically increasing dts` என்பது. இரண்டு ஃப்ரேம்களின் நேரக்குறி ஒன்றாக இருக்கிறது அல்லது முன்பின்னாக இருக்கிறது என்கிறதே ஒழிய, படத்தில் குறை என்று சொல்லவில்லை. கைபேசியில் எடுத்த, ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கும் வீடியோக்களில் இது சாதாரணம். தொலைக்காட்சிப் பதிவுகளின் தொடக்கத்திலும் நாலைந்து புகார் வரும். பதிவு முழு ஃப்ரேமில் தொடங்காமல் நடுவில் தொடங்கியிருப்பதால், ‘முந்தைய ஃப்ரேம் எங்கே’ என்று டிகோடர் கேட்கிறது. முதல் விநாடியோடு நின்றுவிட்டால் விட்டுவிடலாம். வரிகளை எண்ணி மதிப்பிடுவதும் உதவாது. ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தால் `Last message repeated 34 times` என்று ஒரே வரியில் சுருக்கிவிடும். இதைவிட மோசம், வழியில் பிழைகளைச் சந்தித்தாலும் வேலையை முடித்துவிட்டால் `ffmpeg` பெரும்பாலும் வெற்றிக் குறியான 0-வைத்தான் திருப்பித் தருகிறது. அந்தக் குறியை மட்டும் நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் எல்லாமே நலம் என்றுதான் சொல்லும். லாக் காலியா இல்லையா என்று பார்ப்பதே வழி.

அடுத்து நேரக் கணக்கு. 1000 படம், ஒவ்வொன்றும் 2 மணி நேரம், 4 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். கணினி 20 மடங்கு வேகத்தில் விரித்தால் படத்துக்கு 6 நிமிடம். மொத்தம் 100 மணி நேரம், நான்கு நாளுக்கு மேல். ஆனால் 4 டிபி-யை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் வெறுமனே படிக்க ஏழரை மணி நேரம்தான். அதனால் முதல் சுற்றில் மேலே உள்ள கட்டளையில் `-f null`-க்கு முன் `-c copy` சேர்த்து ஓட்டலாம். அப்போது எதுவும் விரிக்கப்படாது, பொட்டலங்களை எண்ணுவதோடு சரி. வால் அறுந்தவை பெரும்பாலும் ஒரே இரவில் அகப்பட்டுவிடும். பூஜ்யம் நிரம்பியவையும் சிதறியவையும் இதில் தப்பிவிடும் என்பதால் முழுச் சுற்றைத் தவிர்க்க முடியாது. அதை ஆற அமர ஓட்டிக்கொள்ளலாம்.

```
find . -type f \( -name '*.mp4' -o -name '*.mkv' \) -print0 |
while IFS= read -r -d '' f; do
  ffmpeg -nostdin -v error -i "$f" \
    -map 0:v -map "0:a?" -f null - 2> "$f.log"
  [ -s "$f.log" ] || rm "$f.log"
done
```

இதில் `-nostdin`-ஐ விட்டுவிட்டால் வேடிக்கை நடக்கும். `ffmpeg` விசைப்பலகையைக் கவனிப்பதாக நினைத்துக்கொண்டு, அடுத்து வரவேண்டிய ஃபைல் பெயரின் முதல் சில எழுத்துகளை விழுங்கிவிடும். பாதிப் பெயரோடு ‘அப்படி ஃபைல் இல்லை’ என்று லாக் நிறையும்.

புகார் வந்த ஃபைலை மட்டும் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. இரண்டு தடவையும் அதே வரிகள் வந்தால் கோளாறு ஃபைலில்தான். முதல் தடவை `MB 53 20`, அடுத்த தடவை வேறு இடம், அல்லது ஒன்றுமே இல்லை என்றால் ஃபைலை விட்டுவிட்டு ரேம், கேபிள் பக்கம் பார்க்க வேண்டும்.

தேறிய ஃபைல்களுக்கு அன்றைக்கே `sha256sum` எடுத்து வைத்துவிடலாம். டிகோடருக்குத் தெரியாத அந்த ஒற்றை பிட் மாற்றமும் அடுத்த ஆண்டு அதில் அகப்படும். வேகமும் பெரும்பாலும் டிஸ்க் படிக்கும் வேகம்தான். அந்த நான்கு நாள் சுற்றை ஒவ்வொரு ஆண்டும் ஓட்ட வேண்டியதில்லை.