‘வாங்க’ என்று வரவேற்ற அம்மா

மறதிநோய் வந்த பெரியவர் இருக்கும் வீட்டுக்குள் நுழையும் உறவினர்கள், செருப்பைக் கழற்றுமுன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். “என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்.” பாசத்தில் கேட்பதுதான். பெயர் வந்துவிட்டால் “பரவாயில்லையே, நல்லாத்தானே இருக்காங்க” என்று நிம்மதி. வராவிட்டால், “ஐயோ, எல்லாம் போயிடுச்சே” என்று கூடத்திலேயே துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்கள். கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

பெற்ற பிள்ளைகளும் பல நேரம் இதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். அம்மா என் பெயரைச் சொல்லும்வரை அம்மா இருக்கிறாள். சொல்லாத நாளில் போய்விட்டாள். அந்த நாள் தரும் வலி உண்மையானது. ஆனால் பெயர் மறப்பதும் பிள்ளையை மறப்பதும் ஒன்றல்ல. மூளையில் இவை வேறு வேறு இடங்களில், வேறு வேறு காலத்தில் நடக்கின்றன.

ஒருவரைப் பார்த்து அவர் பெயரைச் சொல்வது மூன்று படிகளில் நடக்கிறது என்று 1986இல் விக்கி புரூஸ், ஆண்ட்ரூ யங் என்ற பிரிட்டன் உளவியலாளர்கள் விளக்கினார்கள். முதலில், இது பழகிய முகம் என்று தெரிகிறது. அடுத்து, இவர் யார், நமக்கு என்ன வேண்டும், எங்கே பார்த்தோம் என்பதெல்லாம் வருகிறது. பெயர் கடைசியில்தான் வரும். பஸ் நிலையத்தில் யாரையோ பார்த்து, ‘இவர் நம்ம தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர், பெயர்தான் வாயில் வரமாட்டேங்குது’ என்று நாமும் தவித்திருப்போம். கடை நினைவிருக்கும், பெயர் மட்டும் வராது. ஆளைத் தெரியாமல் பெயர் மட்டும் வந்து நிற்பது நடப்பதில்லை. அதே பிரிட்டனில் நடந்த இன்னொரு சோதனையில், ‘பேக்கர்’ என்ற சொல்லை ஒருவரின் தொழிலாகச் சொன்னால் எளிதில் நினைவில் நின்றது. அதையே பெயராகச் சொன்னால் நழுவியது. தொழில் என்றதும் அடுப்பு, மாவு, ரொட்டி வாசனை என்று பிடித்துக்கொள்ள நிறைய இருக்கிறது. பெயருக்கு அப்படிப் பிடிமானம் ஏதும் இல்லை.

அல்சைமர் நோய் முதலில் தாக்குவது, புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் அதன் சுற்றுப்புறத்தையும். அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறக்கிறது, கல்யாணத்தன்று சாப்பிட்டது நினைவிருக்கிறது. அண்மையில் வந்தவை முதலில் போகும், பழையவை கடைசியில் போகும் என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோதூல் ரிபோ 1881லேயே எழுதிவிட்டார். நோய் பரவி, பெயர்களை எடுத்துத் தரும் இடது பொட்டுப் பக்கத்து மூளைப் பகுதிக்கு வரும்போது, ஏற்கெனவே பிடிமானம் இல்லாத பெயர்கள் உதிரத் தொடங்குகின்றன.

இந்த வரிசையை நான் நெருங்கிப் பார்த்தது என் பெரியம்மாவிடம். நெல்லைப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். எழுபதைத் தாண்டியபின் நோய் வந்தது. பெரியம்மாவைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்பவள் அவருடைய மூத்த மகள், என் அக்கா. முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் போயின. அப்புறம் மருமகன்கள். அக்காவைக் கூப்பிட வேண்டியிருந்தால் தங்கையின் பெயர், சித்தியின் பெயர் எல்லாம் வந்துவிட்டுக் கடைசியில் அவள் பெயர் வரும். பிறகு அந்தக் கடைசிப் பெயரும் வரவில்லை. ஆனால் அப்போதும் மகள் என்பது தெரிந்தது. “சாப்பிட்டியாட்டி?” என்ற கேள்வி நிற்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. பெரியம்மா தன் மகளை “அக்கா” என்று கூப்பிடத் தொடங்கினார். பொழுது சாய்ந்தால் “வீட்டுக்குப் போவணும், அம்மா தேடுவா” என்று வாசலுக்கு நடந்தார். பெரியம்மாவின் நினைவில் அண்மை ஆண்டுகள் இல்லை. அவர் கணக்கில் அவருக்கு வயது முப்பதைத் தாண்டாது. மகள் சடை போட்ட சிறுமியாகத்தான் இருக்க முடியும். எதிரே நிற்கிற நரைத்த தலைக்காரி எப்படி மகளாவாள்? ஆனால் முகம் நம் வீட்டு முகம், வயதில் பெரியவள், அன்பாகச் சோறு ஊட்டுகிறாள். அப்படியானால் அக்காவாகத்தான் இருக்க வேண்டும். ஓட்டையான தகவல்களை வைத்துக்கொண்டு அந்த மனம் போட்ட கணக்கு தப்பில்லை. மகளை அவர் குடும்பத்துக்கு வெளியே தள்ளவில்லை, உள்ளே இன்னோர் இடத்தில் உட்காரவைத்தார். இதை ஒரு நரம்பியல் மருத்துவர் விளக்கியபோது அக்கா கொஞ்சம் ஆறுதலடைந்தாள்.

அந்த ஆறுதல் ஓராண்டுக்குமேல் நீடிக்கவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவளை, பெரியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “வாங்க, உட்காருங்க, எந்த ஊரு?” என்று வரவேற்றார். வீட்டுக்கு வந்த அந்நியரிடம் காட்டும் முழு மரியாதை. பெயர் மறந்ததைத் தாங்கியவளால் அந்த ‘வாங்க’வைத் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை, அம்மாவுக்கு ஏச உரிமையுண்டு என்றாள். முகம் பழகியதுதான் என்ற முதல் படியும் அன்று ஆட்டம் கண்டிருந்தது.

இங்கே எச்சரிக்கை ஒன்று சொல்லியாக வேண்டும். மேலே சொன்னவை எல்லாம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடப்பவை. நேற்றுவரை பிள்ளையைத் தெரிந்தவருக்கு இன்று காலை தெரியவில்லை என்றால், நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, நீர்ச்சத்துக் குறைவு, பல நாள் மலச்சிக்கல், புதிதாகக் கொடுத்த சளி மாத்திரை அல்லது தூக்க மாத்திரை, இவற்றில் எதுவும் வயதானவரின் மூளையை ஒரே நாளில் குழப்பிவிடும். பக்கவாதமும் காரணமாக இருக்கலாம். உடனே காட்டினால் இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம்; போன அடையாளமும் திரும்ப வரலாம்.

இன்னொரு வகையும் உண்டு. “நீ என் மக மாதிரியே இருக்கே, ஆனா என் மக இல்ல, வேஷம் போட்டு வந்திருக்கே” என்று சிலர் சொல்வார்கள். 1923இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் காப்கிராவின் பெயரில் இது அறியப்படுகிறது. முகம் சரியாகத் தெரிகிறது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் மனத்தில் எழ வேண்டிய நெருக்கம் எழவில்லை. அதனால் இவள் போலி என்று மூளை முடிவு கட்டுகிறது என்பது பரவலான விளக்கம். தமிழரான நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் கவனித்த ஒருவர், தலையில் அடிபட்டபின் பெற்றோரை நேரில் பார்த்தால் போலி என்றார். தொலைபேசியில் பேசினால் அம்மா அப்பா என்று ஏற்றுக்கொண்டார். குரல் போகும் பாதை வேறு. அதனால்தான், உள்ளே நுழையுமுன் வாசலில் நின்றே பேச்சுக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள்.

சரி, பெயரும் முகமும் போனபின் என்னதான் மிஞ்சுகிறது? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத் துண்டுகளையும், பின்னர் மகிழ்ச்சியானவற்றையும் காட்டினார்கள். 2014இல் முடிவு வெளியானது. சில நிமிடங்களில் பார்த்தது என்ன என்பதை அவர்கள் ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். ஆனால் சோகம் சோகமாகவே, மகிழ்ச்சி மகிழ்ச்சியாகவே நீடித்தது. படத்தை எவ்வளவு குறைவாக நினைவு வைத்திருந்தார்களோ, அவ்வளவு அதிகமாகச் சோகம் தங்கியது. காரணம் தெரிந்த துயரத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். காரணம் மறந்துபோன துயரத்தை என்ன செய்வது?

“நான் யாரு சொல்லு” என்ற கேள்வி ஏன் கொடுமை என்பது இதில் தெரிகிறது. கேள்வி மறந்துபோகும். பதில் தெரியாமல் தோற்ற கூச்சம் சாயங்காலம்வரை உடம்பில் இருக்கும். அக்கா வீட்டில் இப்போது வருகிறவர்கள் தாங்களே சொல்லிவிட வேண்டும்: “பெரியம்மா, நான் ராமநாதபுரத்துலேர்ந்து உங்க தங்கச்சி மவன் வந்திருக்கேன்.” அவ்வளவுதான். மகளும் அப்படியே சொல்லிக்கொண்டு வருகிறாள். பெரியம்மா “அப்படியா?” என்பார், கையைப் பிடித்துக்கொள்வார்.

அவருக்கு இது போதும். மகளுக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. “அம்மா செத்திருந்தா ஊரே கூடி அழுதிருக்கும். இப்ப நான் அழுதா, இருக்கவளை வச்சிக்கிட்டு அழலாமாங்காங்க” என்று அக்கா ஒருமுறை சொன்னாள். நம்மிடம் சாவுக்குப் பதினாறு நாள் இருக்கிறது, திதி இருக்கிறது, வீடு தேடி வந்து கேட்க ஆள் இருக்கிறது. இந்த இழப்புக்கு எதுவுமில்லை.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு பழகி, முடிவு தெரியாத இழப்பு என்ற கருத்தை உருவாக்கினார். ஆள் இல்லை, ஆனால் இறந்ததாகவும் சொல்ல முடியவில்லை. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் படங்களோடு போராட்டப் பந்தல்களில் உட்கார்ந்த தாய்மார்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னர் அல்சைமர் குடும்பங்களில் இதன் மறுபக்கத்தை பாஸ் கண்டார்: ஆள் எதிரிலேயே இருக்கிறார், அந்த மனிதர் இல்லை. இந்தத் துயரம் துயரப்படுபவரின் பலவீனம் அல்ல, முடிவில்லாத நிலைமையே மனத்தைச் சிக்க வைக்கிறது என்பது அவர் வாதம். ‘அம்மா இருக்கிறாள்’, ‘அம்மா போய்விட்டாள்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயல்வதுதான் மனத்தை ஒடிக்கிறது; இரண்டும் உண்மை என்று சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்றார். நோயின் நடுக்கட்டத்தில்தான் பிள்ளைகளின் துக்கம் உச்சத்துக்குப் போகிறது, அதில் கோபமும் கலந்திருக்கிறது என்று வேறு அமெரிக்க ஆய்வுகள் காட்டின. கணவன் அல்லது மனைவியின் துக்கமோ படிப்படியாக ஏறிக்கொண்டே போகிறது. ஒரே வீட்டில் அப்பாவும் மகளும் ஏன் ஒரே நேரத்தில் அழுவதில்லை என்பதற்கு இது ஓரளவு பதில்.

கடைசியில் சாவு வரும்போது அழுகை வராமல் போகலாம். ரிச்சர்ட் ஷுல்ஸ் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், மறதிநோயாளியை இழந்த 217 பேரில் 72 விழுக்காட்டினர் அந்த மரணம் தங்களுக்கு விடுதலையாக இருந்தது என்று சொன்னார்கள். கல்நெஞ்சம் என்று இதை ஏசுகிறவர்கள், அவர்கள் பல ஆண்டுகளாக அழுதுவிட்டவர்கள் என்பதைப் பார்ப்பதில்லை. ஆனால் எல்லோரும் அப்படி எழுந்துவிடுவதில்லை. ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குத் துக்கம் ஆறு மாதத்துக்குப் பிறகும் அன்றாட வாழ்வை முடக்குகிறது. பராமரிக்கும் காலத்திலேயே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். எனவே சிகிச்சை அம்மா இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

அக்கா இப்போது மாதத்துக்கு ஒருமுறை மனநல மருத்துவரிடம் போய்வருகிறாள். “அம்மாவுக்கா?” என்று கேட்பவர்களிடம், “இல்ல, எனக்கு” என்கிறாள்.