பிஎன்ஆர் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறதா?

வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழுகிறது. மேலே விமான நிறுவனத்தின் சின்னம், நடுவில் உங்கள் பெயர், கீழே தேதி, நேரம், எத்தனை கிலோ பெட்டி கொண்டுபோகலாம் என்ற விவரம், ஓரத்தில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பிஎன்ஆர். "டிக்கெட் போட்டாச்சுண்ணே, பாக்கியை அனுப்பிவிடுங்க" என்கிறார் ஏஜென்ட். கொஞ்சம் விவரமானவர்கள் அந்த பிஎன்ஆரை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்ப்பார்கள். பெயர் வருகிறது, பயணமும் வருகிறது. சரி என்று பணத்தை அனுப்பிவிடுவார்கள். ஏமாற்றுகிறவர் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

பிஎன்ஆர் என்பது இடம் பிடித்துவைத்ததற்கான குறியீடு, அவ்வளவே. கல்யாண மண்டபத்தில் தேதியைச் சொல்லி எழுதிவைப்பதுபோல. முன்பணம் கட்டாவிட்டால் மண்டபக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். ஏஜென்ட் தன் கணினியில் ஒரு பைசா கட்டாமலேயே உங்கள் பெயரில் இடத்தைப் பிடிக்க முடியும். தொழிலில் இதை 'ஹோல்ட்' என்பார்கள். அதற்கு ஒரு கெடு உண்டு. கட்டணத்தைப் பொறுத்துச் சில மணி நேரமாகவும் இருக்கலாம், சில நாட்களாகவும் இருக்கலாம். கெடுவுக்குள் பணம் கட்டி டிக்கெட்டை 'இஷ்யூ' செய்யாவிட்டால் அந்த இடம் தானாக ரத்தாகிவிடும். விசா விண்ணப்பத்துக்காகக் கொடுக்கப்படும் 'டம்மி டிக்கெட்' பெரும்பாலும் இந்த வகைதான். பிஎன்ஆர் உண்மை, பெயர் உண்மை, டிக்கெட் மட்டும் இல்லை. அதே தாளை நிஜ டிக்கெட் என்று விற்றால் அன்றைக்கு யாராலும் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? 13 இலக்க டிக்கெட் எண்ணை. காகித டிக்கெட்டுகள் 2008 ஜூன் மாதத்தோடு வழக்கொழிந்து, எல்லாம் மின் டிக்கெட்டாக மாறிவிட்டன. பெரிய விமான நிறுவனங்கள் பணம் பெற்று டிக்கெட்டை வெளியிடும்போதுதான் இந்த எண் பிறக்கும். இதன் முதல் மூன்று இலக்கங்கள் எந்த நிறுவனம் என்பதைச் சொல்லும். ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, கத்தார் ஏர்வேஸுக்கு 157, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, ஸ்ரீலங்கனுக்கு 603. ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்களின் விமானங்கள் இருந்தால், டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தின் எண்தான் இருக்கும். அதனால் எண் பொருந்தவில்லை என்றதும் பொய் என்று முடிவு கட்டவேண்டாம். ஏன் என்று கேட்டால் நேர்மையான ஏஜென்ட் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்து கொழும்பு வழியாகத் துபாய்க்கு, ஸ்ரீலங்கனில், போக வர. ஏஜென்ட் 34,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர் ஹோல்ட் செய்து பிஎன்ஆர் தருவார். பணம் கொடுப்பதற்கு முன் பார்க்கவேண்டியதை இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடலாம். ஸ்ரீலங்கனின் தளத்தில் முன்பதிவைப் பார்க்கும் பகுதிக்குப் போய் பிஎன்ஆரையும் கடைசிப் பெயரையும் கொடுங்கள். வரவில்லை என்றால் உடனே பதற வேண்டாம். ஏஜென்டுகள் பயன்படுத்தும் அமேடியஸ், சேபர், கலிலியோ போன்ற அமைப்புகள் தமக்கென ஒரு குறியீடு தரும். விமான நிறுவனத்தின் குறியீடு வேறாக இருக்கலாம். "ஏர்லைன் பிஎன்ஆர் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். அதையும் தர முடியாது என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

பெயர் விஷயத்தில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். ஏஜென்ட் டிக்கெட் போடும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. எனவே ஒருவர் உங்கள் பெயரையே அங்கே போடுவார், இன்னொருவர் அப்பா பெயரைப் போடுவார். தளத்தில் தேடும்போது அவர் எதைப் போட்டாரோ அதைத்தான் கொடுக்கவேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் உண்மையான டிக்கெட்டைப் பொய் என்று நினைத்துச் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. அதைவிடக் கெட்டது, பெயர் தப்பாக இருப்பதை விமான நிலையத்தில் தெரிந்துகொள்வது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பயணிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது இங்கே பலர் கலங்கிப்போனது நினைவிருக்கலாம். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதற்கு ஹோல்ட் நேரத்தைவிட நல்ல நேரம் இல்லை. இஷ்யூ ஆனபிறகு ஓர் எழுத்தை மாற்றவும் பணம் கேட்கலாம்.

இப்போது பணம். முன்னாலேயே முழுப்பணத்தைக் கொடுக்க நமக்குப் பயம். பணம் வராமல் இஷ்யூ செய்ய அவருக்குப் பயம். இரண்டு பயமும் நியாயம்தான். கடையில் உட்கார்ந்துகொண்டே முடித்துவிடுவதுதான் வழி. பெயரும் தேதியும் சரி என்று பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள், கடையின் பெயரில் உள்ள கணக்குக்கு. கூகுள் பேயில் மச்சான் பெயரோ வேறொருவர் பெயரோ வந்தால் நிறுத்துங்கள். டிக்கெட் எண் சில நிமிடங்களில் வந்துவிடும். "சாயங்காலம் அனுப்பிவிடுகிறேன்" என்பதற்குத் தொழில்முறையில் பெரிதாகக் காரணம் எதுவும் கிடையாது. எண் வந்ததும் அதே தளத்தில் மீண்டும் பாருங்கள். பல நிறுவனங்களின் தளம் டிக்கெட் எண்ணைக் காட்டும். காட்டாவிட்டால் அவர்களின் சேவை மையத்தைக் கூப்பிட்டு, "இந்த பிஎன்ஆருக்கு டிக்கெட் இஷ்யூ ஆகியிருக்கிறதா, போகவும் வரவும் OPEN என்று இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேள்வி இந்த வார்த்தைகளிலேயே இருக்கட்டும். "என் பெயரில் புக்கிங் இருக்கிறதா?" என்று கேட்டால், ஹோல்டில் இருந்தாலும் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். தொலைபேசி எண்ணை நிறுவனத்தின் தளத்திலிருந்தோ செயலியிலிருந்தோ எடுங்கள். பிடிஎஃபில் அச்சிட்ட எண்ணுக்கு அடித்தால் ஏஜென்டின் கூட்டாளியே எடுக்கக்கூடும்.

போகும் டிக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டு விடுகிறவர்கள் அதிகம். ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி நிலை உண்டு. விசிட் விசாவில் போகிறவருக்குத் திரும்பும் டிக்கெட்டை ஹோல்டில் காட்டிவிட்டு, ஒருவழிக்கு மட்டும் நிஜ டிக்கெட் போட்டுக்கொடுப்பது நடக்கிறது. குடியேற்ற அதிகாரி கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்களில் இந்த 13 இலக்க எண்ணைத் தேடி அலையவேண்டாம். அங்கே பெரும்பாலும் பிஎன்ஆரே டிக்கெட். ஆனால் அங்கும் ஹோல்ட் உண்டு. தளத்தில் பார்க்கும்போது முன்பதிவு Confirmed என்று இருக்கவேண்டும், கட்டவேண்டிய பாக்கி எதுவும் காட்டக்கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்து, நிஜ டிக்கெட்டே கையில் இருந்தாலும் கதை முடியவில்லை. வெளியிட்ட டிக்கெட்டை ஏஜென்ட் அன்றைக்கே ரத்து செய்யலாம். அப்போது நிலை VOID என்று மாறும். சில நாள் கழித்து ரத்து செய்தால் REFUNDED. திரும்பும் பணம் பொதுவாகக் கட்டியவரின் கணக்குக்கு, அதாவது ஏஜென்டின் கணக்குக்கே போகும். உங்கள் கையிலுள்ள பிடிஎஃபில் ஒரு புள்ளிகூட மாறாது. இதற்கு ஒரு எளிய தடுப்பு உண்டு, கேட்பவர்கள் குறைவு: முன்பதிவில் தொடர்பு எண்ணாகவும் மின்னஞ்சலாகவும் உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள். ஏஜென்டுகள் வழக்கமாகத் தங்கள் எண்ணைத்தான் போடுவார்கள். உங்கள் எண் இருந்தால் நேர மாற்றமோ ரத்தோ நடக்கும்போது நிறுவனத்தின் செய்தி உங்களுக்கே வர வாய்ப்பு அதிகம். எப்படியும் மறுநாள் ஒருமுறை, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முதல் நாள் ஒருமுறை தளத்தில் பாருங்கள். வெப் செக்கின் செய்து போர்டிங் பாஸ் வந்துவிட்டால் அந்த விமானத்துக்கு உங்களுக்கு இடம் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

ஓர் இடத்தில் மட்டும் இந்தச் சோதனை எதுவும் கைகொடுக்காது. திருடிய கிரெடிட் கார்டில் வாங்கிய டிக்கெட். எண் இருக்கும், OPEN என்றும் இருக்கும். கார்டின் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்ததும் விமான நிறுவனம் ரத்து செய்யும், விமான நிலையத்தில் விசாரணைக்கு நிற்பது நீங்கள். இதற்கு ஒரே அறிகுறி விலைதான். நிறுவனத்தின் தளத்தில் 34,000 காட்டும் பயணத்தை, அதுவும் நாளை மறுநாள் புறப்படுவதை, டெலிகிராமில் முகம் தெரியாத ஒருவர் 18,000-க்குத் தருகிறார் என்றால் அதற்கு நல்ல காரணம் இருக்க வழியில்லை. ஏஜென்டுக்குக் கிடைக்கும் கமிஷன் அவ்வளவு பெரியது அல்ல.

குரூப் டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் வழித்தடங்களில் ஏஜென்டுகள் மொத்தமாக இருக்கைகளை வாங்கிவைத்து விற்பார்கள். அதில் பயணிகளின் பெயர் புறப்படச் சில நாட்களுக்கு முன்புதான் ஏறும். டிக்கெட் எண்ணும் அப்போதுதான் வரும். இது மோசடி அல்ல. ஆனால் அதுவரை உங்களிடம் இருப்பது ஏஜென்டின் வாய்வார்த்தை மட்டுமே. பல ஆண்டாக ஊரில் கடை வைத்திருப்பவரிடம், எந்தத் தேதியில் பெயர் ஏறும் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு வாங்கலாம். இன்ஸ்டாகிராமில் பார்த்தவரிடம் வாங்கக்கூடாது. வேலையோடு சேர்த்து டிக்கெட்டும் தருகிறேன் என்பவராக இருந்தால், அவர் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர்தானா என்பதை emigrate.gov.in தளத்தில் முதலில் பாருங்கள். டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஏஜென்டோடு வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியுங்கள். பணம் வேறு கணக்குகளுக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் வங்கிகளால் அதை முடக்கிவைக்க முடியும். "பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்த லிங்கை அழுத்தி யுபிஐ பின்னைப் போடுங்க" என்று அந்த நேரத்தில் செய்தி வந்தால் போடாதீர்கள். பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை.