கூட்டம் நுழைந்த நாளும் அதிபர் பேசிய நாளும்

சர்வதேசச் சட்டத் தேர்வில் ப்ராப்ளம் கேள்வி என்பது அரைப் பக்கக் கதை. உலகப் படத்தில் இல்லாத இரண்டு நாடுகள், அவற்றுக்கிடையே ஒரு தகராறு, கடைசியில் ‘இந்த நாட்டுக்கு ஆலோசனை கூறுக’ என்று ஒரு வரி. மூன்று மணி நேரத்தில் நான்கு கேள்விகள் என்றால் ஒன்றுக்கு 45 நிமிடம். எழுவினாவைக் கண்டுபிடி, விதியைச் சொல், அதை நடந்த சம்பவத்தோடு பொருத்து, முடிவு சொல் என்ற நான்கு படிகளையும் மாணவர்கள் முதலாம் ஆண்டிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனாலும் விடைத்தாளைத் திருத்தும்போது மூன்றாவது படி இருக்கவேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைக்கிறது: ‘ஆகவே இந்நாடு விதியை மீறியுள்ளது.’ மதிப்பெண்ணின் பெரும்பகுதி அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். மருதநாட்டின் தலைநகரில் நெய்தல்நாட்டுத் தூதரகம் இருக்கிறது. 3ஆம் தேதி ஆர்ப்பாட்டம் நடக்கப்போகிறது, கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று மார்ச் 1 அன்று தூதர் மருதநாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். பதில் இல்லை. மார்ச் 3 அன்று 300 மாணவர்கள் வாயிலை உடைத்து உள்ளே புகுந்து ஆவணங்களை எரித்து, ஊழியர்கள் ஆறு பேரைப் பிடித்துவைக்கிறார்கள். வாயிலில் இரண்டே போலீஸ்காரர்கள். அடுத்த தெருவில் ஆயுதப்படை முகாம் இருந்தும் யாரும் வரவில்லை. மார்ச் 4 அன்று அதிபர் தொலைக்காட்சியில், “மாணவர்களின் கோபம் நாட்டின் கோபம்” என்கிறார். மார்ச் 8 அன்று மறுபடி பேசுகிறார்: “நெய்தல்நாடு மன்னிப்புக் கேட்கும்வரை அந்த ஆறு பேரும் வெளியே வரமாட்டார்கள். இது அரசின் முடிவு.” தூதரகம் உளவு பார்த்தது என்பது மருதநாட்டின் வாதம். மார்ச் 10 அன்று நெய்தல்நாடு பதிலுக்குத் தன் தலைநகரில் இருக்கும் மருதநாட்டுத் தூதரகச் செயலர் ஒருவரைக் கைது செய்கிறது. இரு நாடுகளும் 1961ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையிலும், தகராறுகளைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் அதன் விருப்ப நெறிமுறையிலும் சேர்ந்தவை. நெய்தல்நாட்டுக்கு ஆலோசனை கூறுக.

பாடம் படித்த எவருக்கும் இது எந்த வழக்கின் நிழல் என்று உடனே தெரியும். 1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிக்கப்பட்டது. 1980 மே 24 அன்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெரிந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் தெஹ்ரான் கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிடுவது பலர் விழும் குழி. கேட்கப்பட்டது மருதநாட்டைப் பற்றி. தெஹ்ரான் வழக்கு விதிக்கு ஆதாரமாக மட்டுமே வரவேண்டும்.

முதல் எட்டு நிமிடம் விடை எழுதக் கூடாது. கடைசிப் பக்கத்தில் தேதிவாரியாக ஒரு பட்டியல் போட வேண்டும்: என்ன தேதி, யார் செய்தது, எந்தக் கடமை மீறப்பட்டது. கதையில் தேதிகளைத் தேர்வாளர் சும்மா கொடுப்பதில்லை. ‘யார்’ என்ற பத்தியை நிரப்பும்போதே எழுவினாக்கள் தாமாக வெளிவரும். மார்ச் 3க்கு நேராக ‘மாணவர்கள்’ என்று எழுதுகிறோம். மாணவர்கள் அரசு அல்லவே, அப்படியானால் அரசு எப்படிப் பொறுப்பாகும்? அதே தேதிக்குக் கீழே ‘போலீஸ், சும்மா இருந்தது’ என்று எழுதினால் வேறொரு எழுவினா. மார்ச் 8க்கு நேராக ‘அதிபர்’. மார்ச் 10க்கு நேராக ‘நெய்தல்நாடு’, அதாவது நம் கட்சிக்காரரே. இந்தப் பட்டியல் போடாதவர்கள் மார்ச் 3 முதல் 8 வரை எல்லாவற்றையும் ஒரே சம்பவமாகக் கட்டி ‘மருதநாடு தூதரகத்தைத் தாக்கியது’ என்று எழுதிவிடுகிறார்கள். கதையில் அப்படி ஒரு சம்பவமே இல்லை.

விதியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஓர் அரசு சர்வதேசத் தவறு செய்தது என்று சொல்ல இரண்டு வேண்டும்: செயலோ செயலின்மையோ அந்த அரசுடையதாக இருக்க வேண்டும், அது அந்த அரசின் கடமையை மீற வேண்டும். இது 2001இல் சர்வதேசச் சட்ட ஆணையம் முடித்த அரசுப் பொறுப்பு விதிகளின் 2ஆம் பிரிவு. அந்த விதிகள் உடன்படிக்கை அல்ல. பெரும்பாலும் வழக்காற்றுச் சட்டமாக நீதிமன்றங்கள் ஏற்பவை. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் தேர்வாளருக்கு நம்பிக்கை வரும். கடமை வியன்னா உடன்படிக்கையின் 22ஆம் பிரிவில் இருக்கிறது: தூதரக வளாகத்துக்குள் தூதரின் சம்மதமின்றி அரசு அதிகாரிகள் நுழையக் கூடாது என்பது ஒன்று, யாரும் அத்துமீறி நுழையாமல், சேதப்படுத்தாமல் காக்க உரிய நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும் என்ற தனிக்கடமை இன்னொன்று. ஆட்களுக்கு 29ஆம் பிரிவு, ஆவணங்களுக்கு 24.

இனிப் பொருத்தும் வேலை. மார்ச் 3 அன்று மாணவர்கள் செய்தது அரசின் செயலா? 8ஆம் பிரிவின்படி, அரசின் உத்தரவிலோ வழிநடத்தலிலோ கட்டுப்பாட்டிலோ செய்திருந்தால்தான் அரசின் செயலாகும். கதையில் அப்படி உத்தரவு எதுவும் இல்லை. தெஹ்ரானிலும் முதல்நாள் தாக்குதலை ஈரான் அரசின் செயலாக நீதிமன்றம் கொள்ளவில்லை. எனவே இங்கே நம் கட்சிக்காரருக்குப் பாதகமாகத்தான் எழுத வேண்டும். தயங்காமல் எழுதுபவருக்கே மதிப்பெண்.

அடுத்த வரியிலேயே அரசின் சொந்தத் தவறுக்கு வர வேண்டும். மாணவர்களின் கை அரசின் கை இல்லை என்றாலும், போலீஸ் அரசுதான். தெஹ்ரான் தீர்ப்பு இங்கே நான்கு விஷயங்களைப் பார்த்தது: கடமை இருப்பது ஈரான் அரசுக்குத் தெரியும், உதவி கேட்டு வந்த அழைப்புகளால் அவசரமும் தெரியும், தடுக்கும் வசதி கையில் இருந்தது, இருந்தும் அடியோடு தவறியது. வசதி இருந்ததற்குச் சான்றும் இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 14 அன்று தூதரகம் தாக்கப்பட்டபோது ஈரான் அதிகாரிகளே வந்து மீட்டிருந்தார்கள். இந்த நான்கையும் நம் கதையின் மீது வைத்துப் பார்த்தால் விடை இப்படி வரும்:

‘மார்ச் 1 கடிதத்தால் ஆபத்து வருவது மருதநாட்டுக்கு முன்பே தெரியும். 3ஆம் தேதிக்கு இரண்டு நாள் அவகாசமும் இருந்தது. அடுத்த தெருவில் முகாம் இருந்ததால் ஆட்பலம் இல்லை என்று சொல்ல முடியாது. வாயிலில் இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தியது 300 பேரைத் தடுக்கப் போதுமான நடவடிக்கை அல்ல. திடீரென்று கூடிய கூட்டம் என்று மருதநாடு வாதிடலாம். ஆனால் தேதி குறித்து எச்சரித்த கடிதம் அந்த வாதத்தை வலுவிழக்கச் செய்கிறது. எனவே 22ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு மீறப்பட்டுள்ளது.’

இந்தப் பத்தியில் புதிய சட்டம் கிடையாது. கடிதம், இரண்டு நாள், முகாம், இரண்டு போலீஸ், 300 பேர் என்று கதையின் ஒவ்வொரு துண்டும் ஒரு வேலை செய்கிறது. எழுதிய பத்தியில் கதையின் சொற்கள் எத்தனை இருக்கின்றன என்று கண்ணை ஓட்டிப் பார்த்தாலே, பொருத்தியிருக்கிறோமா, விதியையே வேறு சொற்களில் திரும்ப எழுதியிருக்கிறோமா என்பது தெரிந்துவிடும்.

அதிபரின் பேச்சில்தான் நல்ல மாணவரும் சறுக்குவார். 11ஆம் பிரிவின்படி, பிறர் செய்த செயலைத் தன் செயலாகவே அரசு ஒப்புக்கொண்டு ஏற்றால் அது அரசின் செயலாகிவிடும். ஆனால் வெறும் பாராட்டோ ஆதரவோ போதாது. மார்ச் 4 பேச்சு ஆதரவு மட்டுமே. அதை வைத்துப் பொறுப்பைச் சுமத்துவது கடினம். மார்ச் 8 பேச்சு வேறு. ஆறு பேரை விடுவிப்பதா இல்லையா என்பதை அரசே கையில் எடுத்து, நிபந்தனையும் போடுகிறது. தெஹ்ரானில் நவம்பர் 17 அன்று கொமேனி வெளியிட்ட ஆணைக்குப் பிறகு தூதரகம் பிடிபட்டிருந்ததையும் ஆட்கள் அடைபட்டிருந்ததையும் ஈரான் அரசின் செயல்களாகவே நீதிமன்றம் கொண்டது. ஆகவே மார்ச் 8 முதல் மருதநாடு காக்கத் தவறிய அரசு மட்டுமல்ல, பிடித்துவைத்திருக்கும் அரசும்கூட. அந்த ஆறு பேரும் தூதர் பதவி உள்ளவர்களா, அலுவலகப் பணியாளர்களா என்று கேள்வி சொல்லவில்லை. முன்னவர் என்றால் 29ஆம் பிரிவு நேரடியாகப் பொருந்தும், பின்னவர் என்றால் 37ஆம் பிரிவின் வழியாக அதே காப்பு வரும் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர வேண்டும்.

உளவுக் குற்றச்சாட்டுக்கு நீண்ட வாதம் வேண்டாம். ஈரானும் இதையே சொன்னது. அது உண்மையாகவே இருந்தாலும், தூதரை ஏற்கத்தகாதவர் என்று அறிவித்து வெளியேற்றும் வழியைத் தூதரகச் சட்டமே 9ஆம் பிரிவில் கொடுத்திருக்கிறது. உறவை முறித்துக்கொள்ளவும் முடியும். கட்டடத்தைப் பிடிக்க வழி கொடுக்கவில்லை.

இந்தத் தர்க்கமே மார்ச் 10இல் நம் கட்சிக்காரர் மீது திரும்புகிறது. தவறு செய்த அரசுக்கு எதிராகப் பதில் நடவடிக்கை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது; ஆனால் 50ஆம் பிரிவு தூதர்கள், வளாகம், ஆவணங்கள் ஆகியவற்றின் காப்பைப் பதில் நடவடிக்கை தொடக்கூடாது என்கிறது. செயலரைக் கைது செய்தது 29ஆம் பிரிவை மீறியது. ‘உடனே விடுவியுங்கள், வேண்டுமானால் அவரை நாட்டைவிட்டு அனுப்புங்கள், அல்லது மருதநாட்டுடன் உள்ள வணிக ஒப்பந்தக் கடமை ஒன்றை, முறைப்படி அறிவித்துவிட்டு, அளவுக்கு ஏற்ப நிறுத்திவையுங்கள்’ என்பதே ஆலோசனை. ஆலோசனை கேட்டவருக்குச் சாதகமானதை மட்டும் எழுதுவது வக்கீல் வேலையும் ஆகாது, விடையும் ஆகாது.

நீதிமன்றத்தின் அதிகாரவரம்புக்கு மூன்று வரி போதும், ஏனென்றால் விருப்ப நெறிமுறையில் இருவரும் இருக்கிறார்கள் என்று கேள்வியே சொல்லிவிட்டது. வியன்னா உடன்படிக்கையில் மட்டும் சேர்ந்தவர்கள் என்று எழுதியிருந்தால் கதை மாறியிருக்கும். நாடுகளின் சம்மதமில்லாமல் அந்த நீதிமன்றம் வழக்கை எடுக்காது. அப்போது வேறு சம்மதம் எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

முடிவு என்பது தீர்ப்பின் சுருக்கம் அல்ல. நெய்தல்நாடு என்ன கேட்கலாம் என்பது. ஆறு பேரை விடுவித்து வளாகத்தைத் திரும்ப ஒப்படைப்பது, சேதத்துக்கு இழப்பீடு, அதற்கு முன் மார்ச் 3க்கும் 8க்கும் தனித்தனியாக மருதநாட்டின் பொறுப்பை அறிவிப்பது. எரிந்த ஆவணங்களைத் திரும்பப் பெற முடியாது என்பதால் அதற்குப் பணம்தான். எழுத 32 நிமிடம், திரும்பப் பார்க்க ஐந்து. நேரம் போதவில்லை என்று தெரிந்தால் மார்ச் 3ஐ அழகாக எழுதிக்கொண்டிருக்காமல் அங்கேயே நிறுத்திவிட்டு மார்ச் 10க்குப் போய்விட வேண்டும். 50ஆம் பிரிவு, செயலர், விடுதலை என்ற மூன்றும் நான்கு வரிக்குள் அடங்கும், அந்த நான்கு வரியைப் பலர் எழுதுவதே இல்லை.