மாலை போட்ட தாடியும் மரச்சீப்பும்

கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. அன்று மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் முழுகிக் கரையேறும் கூட்டத்தில் கறுப்பு வேட்டிகளும் தென்படத் தொடங்கும். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள். இனி 41 நாள் விரதத்தில் முகத்தில் கத்தியும் படாது, கத்தரியும் படாது. தாடியை அடக்கச் சீப்பு ஒன்றுதான் வழி.

என் அக்கா மகன் போன வருஷக் கன்னிச்சாமி. இருபதாம் நாள் பார்த்தால் தாடி நாலா பக்கமும் குத்திட்டு நின்றது. அந்தக் கட்டம் அப்படித்தான். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். இருபது நாள் முடிக்குத் தன் கனத்தில் வளையும் நீளம் இருக்காது. அவனுக்கு இடது தாடைக்குக் கீழே ஒரு சுழி வேறு. அங்கே முடி மேல்நோக்கியே முளைக்கும்.

குளித்து வந்ததும் ஈரம் சொட்டச் சொட்டப் பிளாஸ்டிக் சீப்பால் வறட்டு வறட்டென்று இழுத்தான். உதிர்ந்ததை வெள்ளைத் துண்டில் தட்டிப் பார்க்கச் சொன்னேன். தானாக உதிரும் முடியின் ஒரு நுனியில் வெள்ளையாகக் குமிழ் இருக்கும். துண்டில் கிடந்த பெரும்பாலானவற்றில் அது இல்லை, நடுவில் அறுந்தவை. ஈரத்தில் முடி ஊறி இளகியிருக்கும், இழுத்தால் நீண்டு அறுந்துவிடும். மீந்த குட்டை முடிதான் மறுநாள் சிலும்பி நிற்பது.

அவன் வழக்கமாகப் போகும் சலூன்காரர் சொன்ன பக்குவம் இது: "தண்ணியைத் துண்டால ஒத்தி எடுங்க சாமி, தேய்க்காதீங்க. பாதி காஞ்சதும் சீவுங்க. முழுசாக் காயிற வரைக்கும் விடாதீங்க."

காரணம் இருக்கிறது. நனைந்தால் முடிக்குள் இருக்கும் மெல்லிய பிணைப்புகள் சில விட்டுப்போகும், காயும்போது மறுபடி சேரும். எந்த வளைவில் காய்கிறதோ அந்த வளைவு நிற்கும். அகலப் பல் வைத்த மரச்சீப்பால் முதலில் நுனிச் சிக்கை எடுத்து, அப்புறம் கன்னத்திலிருந்து கீழே சீவ வேண்டும். சுழி இருந்த இடத்தில் மட்டும் சீவிய பிறகு, காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். விரதத்தில் காலையும் மாலையும் குளியல், ஆகவே நாளுக்கு இரண்டு வாய்ப்பு. முடி தோலை ஒட்டிக் குட்டையாக இருக்கும்வரை மெல்லிய பிரஷ்ஷே சீப்பைவிட நன்றாகப் பிடிக்கும்.

எண்ணெய் தொடலாம் என்பவர்கள் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் பரப்பித் தடவலாம். முடி வழுக்கும், அறுவது குறையும். அதற்கு மேல் வைத்தால் பிசுபிசுப்புதான்.

கார்த்திகை மழைதான் பெரிய தொல்லை. காற்றில் ஈரம் ஏறினால் காலையில் படிந்தது மதியத்துக்குள் கலைந்துவிடும். பத்து நாளில் கன்னத்துத் தாடி ஓரளவு படிந்தது. முடி நீண்டதும் அதற்குக் கைகொடுத்தது.

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய பின் தாடியை எடுத்தான். இரண்டு வாரத்தில் மறுபடி முளைத்தபோது அந்தச் சுழி முடி பழையபடி மேல்நோக்கியே நின்றது. முடி கிளம்பும் கோணம் தோலுக்குள் இருக்கும் வேர்ப்பையுடையது. சீப்பு அதுவரை போகாது.