45 டிகிரிக் கோடும் 144-ஆம் நாளும்: வகுப்புக்குப் பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை

2020 மார்ச் 24 அன்று நிஃப்டி 7,511 வரை இறங்கி எழுந்தது. 2021 அக்டோபர் 19 அன்று 18,604-ஐத் தொட்டுவிட்டுத் திரும்பியது. இரண்டு தேதிகளுக்கும் இடையே 574 நாட்கள். கேன் முறை கற்றுத்தருபவர் கண்ணில் இது பட்டால் விடமாட்டார். கேனின் முக்கிய எண்ணான 144-ஐ நான்கால் பெருக்கினால் 576. இரண்டே நாள் முன்னே பின்னே, சந்தை கணக்குப்படி திரும்பியிருக்கிறது என்பார். கூட்டல் பெருக்கலில் தவறில்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் வம்பு.

டபிள்யூ. டி. கேன் 1878-இல் டெக்சாஸில் பிறந்து 1955-இல் இறந்த அமெரிக்க வர்த்தகர். 1909-இல் ரிச்சர்டு வைக்காஃபின் பத்திரிகை, அவர் ஒரே மாதத்தில் செய்த 286 வர்த்தகங்களில் 264 லாபம் என்று எழுதியது. இன்றைய வகுப்பு விளம்பரங்கள் வரை அந்த எண் ஓடிவருகிறது. வர்த்தக நூலாசிரியர் அலெக்சாண்டர் எல்டர் எழுதியது அவ்வளவாக ஓடவில்லை. கேனின் மகனிடமே தாம் பேசியதாகவும், தந்தை வர்த்தகத்தால் குடும்பம் நடத்த முடியாமல் பாடங்களை எழுதி விற்றே பிழைத்தார் என்று மகன் சொன்னதாகவும் எல்டர் குறிப்பிடுகிறார். கேன் அன்பர்கள் இதை ஏற்பதில்லை. ஒருவர் பணக்காரரா ஏழையா என்பது அவருடைய கோட்டைப் பற்றி எதையும் நிரூபிக்காது என்பதால், நாம் கோட்டுக்கே வருவோம்.

விசிறிக் கோடுகளின் அடிப்படை எளிது. முக்கியமான ஒரு உச்சத்திலிருந்தோ அடியிலிருந்தோ சாய்கோடுகள் கிளம்பும். காலம் ஓர் அலகு நகர, விலையும் ஓர் அலகு ஏறினால் அது ஒன்றுக்கு ஒன்று, அதாவது 45 டிகிரிக் கோடு. அதற்கு மேலே இரண்டு, மூன்று, நான்கு, எட்டு மடங்கு வேகத்தில் நான்கு கோடுகள். கீழேயும் அதே கணக்கில் நான்கு. விலை 45 டிகிரிக்கு மேலே இருந்தால் சந்தைக்குப் பலம், உடைத்தால் அடுத்த கோட்டில் ஆதரவு தேடும் என்பது பாடம்.

ஓர் அலகு என்பது எத்தனை புள்ளி? எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. 7,511-இலிருந்து நாளுக்கு ஒரு புள்ளி வீதம் ஏற்றினால், 574-ஆம் நாளில் கோடு 8,085-இல் நிற்கும். நிஃப்டியோ எங்கோ மேலே போய்விட்டது. நாளுக்குப் பத்து என்றால் 13,251. இருபது என்றால் 18,991, உச்சத்துக்கு ஏறக்குறையப் பக்கத்தில். உடனே, நிஃப்டியின் அலகு இருபதுதான் என்று சொல்லிவிடலாம். பத்தே சரி என்று பிடிவாதம் பிடிப்பவருக்கும் கஷ்டமில்லை. அவருடைய இரண்டு மடங்குக் கோடும் அதே 18,991-க்குத்தான் போகும். விலையோடு ஓரளவு ஒத்துவரும் எந்த அலகை எடுத்தாலும் ஒன்பது கோடுகளில் ஏதாவதொன்று விலைக்கு அருகில் வந்து நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. அலகையே குறிக்காமல் திரையில் 45 டிகிரி வரைபவர்கள் கதை இன்னும் மோசம். சார்ட்டைக் கொஞ்சம் இழுத்தால் கோணமே மாறிவிடும்.

நாள் கணக்கிலும் இதே நெகிழ்வுதான். 2008 ஜனவரி 8 உச்சத்திலிருந்து அக்டோபர் 27 அடிவரை 293 நாட்கள். 2021 அக்டோபர் உச்சத்திலிருந்து 2022 ஜூன் 17 அடிவரை 241. 2024 செப்டம்பர் 27 உச்சத்திலிருந்து 2025 ஏப்ரல் 7 அடிவரை 192. இவை எதுவும் 144-இன் மடங்குக்கு மூன்று நாள் நெருக்கத்தில் இல்லை. ஆனால் 360 டிகிரி வட்டத்தை மூன்றாகப் பிரித்து இரண்டு பங்கை எடுத்தால் 240 கிடைக்கும். 32 பங்காகப் பிரித்தால் 11.25-இன் மடங்குகள் வரும், அவற்றில் 292.5, 191.25, 573.75 எல்லாமே இருக்கின்றன. ஆக நான்கு திருப்பங்களும் 'கணக்குப்படி' நடந்தவை ஆகிவிட்டன! ஆனால் ஒவ்வொரு 11.25 நாளிலும் குறித்த நாளோடு முன்னே மூன்று, பின்னே மூன்று என்று ஏழு நாட்களைச் சேர்த்தால், காலண்டரில் 62 சதவீதம் நிரம்பிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு தேதி குறித்தாலும் பத்தில் ஆறு பலிக்கும்.

நம்புபவர்களும் மறுப்பவர்களும் ஒரே சார்ட்டைப் பார்த்துவிட்டுச் சண்டை போடுவதன் காரணம் இதுதான். நம்புபவர் கோட்டில் பட்டுத் திரும்பிய இடங்களைக் காட்டுகிறார், அவை உண்மை. மறுப்பவர் படாமல் தாண்டிப்போன இடங்களையும், சும்மா கடந்துபோன தேதிகளையும் எண்ணச் சொல்கிறார். நிறையப் பேர் பார்ப்பதால் கோடு வேலை செய்கிறது என்பது நம்புபவரின் நல்ல வாதம். ஆளுக்கொரு அலகில் வரைந்தால் எல்லோரும் பார்ப்பது ஒரே கோடு அல்லவே. சுழற்சி கண்ணுக்குத் தெரிகிறதே என்றால், 1927-இலேயே ரஷ்யப் புள்ளியியலாளர் ஸ்லட்ஸ்கி லாட்டரி எண்களைத் தொடர்ச்சியாகக் கூட்டி, வணிகச் சுழற்சி போலவே ஏறி இறங்கும் அலைகளைக் காட்டிவிட்டார்.

சோதிப்பதற்குக் கணிதப் பட்டம் வேண்டாம். முதலில் விதியைத் தாளில் எழுதுங்கள்: எந்தப் புள்ளியிலிருந்து தொடக்கம், அலகு எவ்வளவு, எந்தெந்த நாள் எண்கள், எத்தனை நாள் தளர்வு, திருப்பம் என்றால் எத்தனை சதவீதம். ஐந்து சதவீதம் என்று வைத்தால் கடைசிவரை ஐந்துதான். பழைய தரவின் முதல் பாதியில் மட்டும் விதியைச் செதுக்கி, மறுபாதியில் கை வைக்காமல் ஓட்டிப் பாருங்கள். உங்கள் தேதிகள் காலண்டரில் 40 சதவீதத்தை மூடுகின்றன என்றால், 40 சதவீதத் திருப்பங்கள் சும்மாவே அதில் விழும். அதைத் தெளிவாகத் தாண்டினால்தான் பேச்சு. அதுவும் நாற்பது, ஐம்பது திருப்பங்களிலாவது.

கோடுகளுக்கு இன்னொரு சோதனை. நிஃப்டியின் தினசரி சதவீத மாற்றங்களை எக்செலில் போட்டு, பக்கத்து வரிசையில் `=RAND()` கொடுத்து அதன்படி வரிசைப்படுத்துங்கள். கலைந்த மாற்றங்களை வைத்து விலையை மறுபடி கட்டினால் ஒரு போலிச் சார்ட் கிடைக்கும். நான்கு போலிகளோடு அசலையும் கலந்து, தேதி, பெயர் இல்லாமல் உங்கள் ஆசிரியரிடம் நீட்டுங்கள். போலியிலும் விசிறி அதே அழகோடு வேலை செய்தால், அது சந்தையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பொருள். இதற்கு ஒப்புக்கொள்ளாத ஆசிரியர்களே அதிகம் இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இந்தத் தேதிகளை நம்பி ஆப்ஷன் வாங்குவதுதான் பணம் கரையும் வழி. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வு சொல்கிறது. எந்த முறையைப் பின்பற்றினார்கள் என்று ஆய்வு பிரிக்கவில்லை. ஆனால் தேதி தப்பினால், காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஆப்ஷன் விலை தேய்கிறது.

கட்டணம் வாங்கிக்கொண்டு வாங்கு, விற்றுவிடு என்று சொல்பவர் செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆய்வாளர் என்றால் பதிவு எண் INH என்றும், ஆலோசகர் என்றால் INA என்றும் தொடங்கும், sebi.gov.in பட்டியலில் பெயரோடு ஒத்துப் பாருங்கள். வெறும் வகுப்புதான் நடத்துகிறேன் என்பவர் கடந்த மூன்று மாத விலைத் தரவைக் காட்டிப் பங்குகளைப் பற்றிப் பேசக்கூடாது என்று 2025 ஜனவரியில் செபி தெளிவுபடுத்தியது. ஆக, "இந்த வாரம் திருப்பம்" என்று டெலிகிராமில் நடப்பு விலையோடு பங்கைச் சொல்பவர் வகுப்பாசிரியர் என்ற போர்வைக்குள் ஒளிய முடியாது. நிச்சய லாபம் என்று வாக்குக் கொடுக்கப் பதிவு பெற்றவருக்கும் அனுமதி இல்லை.

ஏமாந்தால், பதிவு பெற்றவர்மீது scores.sebi.gov.in தளத்தில் ஓராண்டுக்குள் புகார் கொடுங்கள். பதிவில்லாதவர்மீது அந்தத் தளம் உதவாது. பாடமாக விற்ற சேவையில் குறை என்றால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துக் கேளுங்கள். போலிச் செயலி, போலிக் கணக்கு வழியாகப் பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அவர் முன்கூட்டிச் சொன்ன தேதி ஆகியவற்றை அன்றன்றே சேமித்து வையுங்கள். தப்பிய கணிப்புகளைக் குழுவிலிருந்து அழித்த பிறகு உங்களிடம் வேறு சாட்சி இருக்காது.