ஒன்பதாயிரம் சொற்களுக்கு எத்தனை மணி நேரம்?

தாய்சேய் நலம் பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்று தமிழாக்கத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 9,000 சொற்கள். மணிக்கு 300 சொற்கள் முடிப்பவர் உடனே, "30 மணி நேரம்" என்று சொல்லிவிடுவார். தனியாகத் தொழில் செய்யும் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் நஷ்டப்படுவது இந்த இடத்தில்தான்.

முதலில் கேட்க வேண்டியது, கடைசியில் என்னென்ன கொடுக்க வேண்டும் என்பது. விசாரித்தால் மூன்று தெரியவருகிறது: மொழிபெயர்ப்பு, கலைச்சொல் பட்டியல், பக்கம் வடிவமைத்தபின் 40 பக்கங்களின் மெய்ப்பு. மெய்ப்பைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கென்று போட்ட கட்டத்துக்குள் அடங்காமல் பிதுங்கும், வரி தவறான இடத்தில் உடையும். எழுத்துரு மாறினால் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும்.

அடுத்து, கையேட்டின் நடுவிலிருந்து கடினமான ஒரு பக்கத்தை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்துப் பாருங்கள். முன்னுரையை எடுக்க வேண்டாம், அது எப்போதும் எளிதாகத்தான் இருக்கும். மருத்துவப் பகுதியில் மணிக்கு 200 சொற்கள்தான் நகர்கிறது என்றால், அப்படிப்பட்ட 3,000 சொற்களுக்கு 15 மணி. மீதி 6,000 சொற்களுக்கு 20 மணி. கலைச்சொல் பட்டியலுக்கு 3, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த 10, மெய்ப்புக்கு 4, வாடிக்கையாளர் சொல்லும் திருத்தங்களுக்கு ஒரு சுற்று 4. மொத்தம் 56 மணி.

இதற்கு மேல் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். மொத்தத்துக்கும் ஒரே விகிதம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாதிரி பார்த்து அளந்த வேலை, அதாவது மொழிபெயர்ப்பும் திருத்தமும், பெரிதாகத் தவறாது. அந்த 45 மணிக்குப் பத்தில் ஒரு பங்கு, சுமார் 5 மணி போதும். மெய்ப்பும் வாடிக்கையாளர் திருத்தமும் அடுத்தவர் கையில் இருப்பவை. அந்த 8 மணிக்குப் பாதி, அதாவது 4 மணி சேர்க்கலாம். ஆக 65 மணி. ஒரு நாளில் கவனம் சிதறாமல் மொழிபெயர்க்க 5 மணி கிடைத்தாலே அதிகம் என்பதால், 13 வேலைநாள். வாடிக்கையாளர் பதில் அனுப்பாமல் காத்திருக்க வைக்கும் நாட்கள் இதில் சேராது. அதைத் தனியே சொல்லிவிட வேண்டும்.

விலைப்புள்ளியில், "திருத்தம் ஒரு சுற்று, அதற்கு மேல் மணிக் கணக்கில் கட்டணம்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு கூடுதல் நேரம் வைத்தாலும் கரைந்துபோகும்.

வாடிக்கையாளர் பேரம் பேசினால் பலரும் முதலில் வெட்டுவது இந்தக் கூடுதல் நேரத்தைத்தான். அதில் கை வைக்காதீர்கள். மெய்ப்பை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று வேலையைக் குறைத்துக் கொடுங்கள்.